ஐங்கோணத்தின் மேலே 52°, கீழே 56°: இணைகோட்டுக் கணக்கில் காரணம் எழுதுவது

கேள்வி: "பாப்பா 9ஆம் வகுப்பு, பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளி. கணக்குத் தாளை போட்டோ எடுத்துப் போட்டிருக்கேன். அதுல 7ஆவது கணக்கு. PQ, RS ரெண்டும் இணைகோடு. நடுவுல ABCDE ஒழுங்கு ஐங்கோணம். A மேல்கோட்டுல இருக்கு, D கீழ்க்கோட்டுல இருக்கு. ∠PAB = 20°. ∠SDE, ∠RDC எவ்வளவு, காரணம் சொல்லுன்னு கேட்டிருக்காங்க. பாப்பா 52, 20ன்னு எழுதி 'இசட் கோணம்'னு காரணம் போட்டிருக்கா. சிவப்பு மையில அடிச்சிட்டாங்க. கூட்டிப் பாத்தா 180 சரியாத்தான் வருது. போட்டோவுல கோணமானி வச்சு அளந்தா 54 மாதிரி தெரியுது. எங்க தப்பு?"

∠SDE = 56°, ∠RDC = 16°. உங்கள் மகள் கண்டுபிடித்த 52° என்ற எண் படத்தில் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது மேலே A-யில் இருக்கும் ∠QAE. அந்தக் கோணம் கீழே D-யில் ஏன் அப்படியே திரும்ப வராது என்பதைத்தான் இந்தக் கணக்கு சோதிக்கிறது. நீங்கள் செய்த இரண்டு சரிபார்ப்புகளும், அதாவது 180 கூட்டியதும் கோணமானி வைத்ததும், இந்தத் தவறைக் காட்டிக் கொடுக்க மாட்டாதவை. அதனால் விடையை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல் அவை ஏன் ஏமாற்றின என்பதையும் சொல்கிறேன்.

முதலில் படத்தை ஒருமுறை சரியாக வாசித்துக்கொள்வோம். மேல்கோட்டில் P இடது, Q வலது. கீழ்க்கோட்டில் R இடது, S வலது. ஐங்கோணத்தின் இடப்பக்கம் B, C என்ற முனைகள். வலப்பக்கம் E மட்டும். மேல்கோட்டை A மட்டும் தொடுகிறது, கீழ்க்கோட்டை D மட்டும் தொடுகிறது. B, C, E மூன்றும் இரு கோடுகளுக்கும் நடுவே நிற்கின்றன. கீழ்க்கோட்டின் அம்புக்குறி போட்டோவில் வெட்டுப்பட்டிருக்கிறது. ஆனால் கேள்வியிலேயே PQ ∥ RS என்று அச்சாகியிருப்பதால் அது பிரச்சினை இல்லை. காரணம் எழுத நமக்குக் கையில் இருப்பவை மூன்றே: கோடுகள் இணை, ஐங்கோணம் ஒழுங்கானது, ∠PAB = 20°. இந்த மூன்றைத் தவிரப் படத்தைப் பார்த்து "இப்படித் தெரிகிறது" என்று எடுக்கும் எதுவும் காரணம் ஆகாது.

ஐங்கோணத்தின் உட்கோணம் 108° என்பதை மகள் சரியாகவே எழுதியிருக்கிறாள். அதற்கு அவள் எழுதிய காரணம் "சூத்திரம்" என்ற ஒற்றைச் சொல். அது போதாது. A-யிலிருந்து AC, AD என்று இரண்டு மூலைவிட்டங்கள் வரைந்தால் ஐங்கோணம் மூன்று முக்கோணங்களாகப் பிரியும். மூன்று முக்கோணங்களின் எல்லாக் கோணங்களும் ஐங்கோணத்தின் முனைகளிலேயே வந்து சேர்கின்றன. வேறு எங்கும் சிதறவில்லை. அதனால் உட்கோணங்களின் கூடுதல் 3 × 180° = 540°. n பக்கங்கள் என்றால் இதே முறையில் n − 2 முக்கோணங்கள் வரும், (n − 2) × 180° என்பது அங்கிருந்து வருகிறது. சிலர் ஒரே முனையிலிருந்து வரையாமல் AC, BD என்று ஒன்றையொன்று வெட்டும் மூலைவிட்டங்களை வரைந்துவிட்டுத் துண்டுகளை எண்ணுவார்கள். அப்போது வெட்டும் புள்ளியில் புதிதாக 360° முளைத்துவிடும், கூடுதல் பொருந்தாது. உள்ளே ஒரு புள்ளியை வைத்து ஐந்து முனைகளோடும் சேர்ப்பதும் சரியான வழிதான். ஆனால் அப்போது 5 × 180° = 900° கிடைக்கும், அதில் நடுப்புள்ளியைச் சுற்றியுள்ள 360°-ஐக் கழிக்க வேண்டும்; மறுபடி 540°.

540-ஐ 5-ஆல் வகுக்க உரிமை தருவது "ஒழுங்கு" என்ற சொல். எல்லாப் பக்கங்களும் சமம், எல்லாக் கோணங்களும் சமம் என்பது அதன் பொருள். எனவே விடைத்தாளில் "ABCDE ஒழுங்கு ஐங்கோணம், ஆகவே ஒவ்வொரு உட்கோணமும் 540° ÷ 5 = 108°" என்று முழு வரியாக எழுதச் சொல்லுங்கள். வெறும் ஐங்கோணம் என்று மட்டும் கொடுத்திருந்தால் 540 வரை போகலாம், 108-க்குப் போக முடியாது.

வெளிக்கோணம் வழியாகப் போனால் இன்னும் சுருக்கம். காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஐந்து மூலை வைத்த ஒரு மாந்தோப்பின் வேலியை ஒட்டி நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூலையிலும் நேரே போய்க்கொண்டிருந்த திசையிலிருந்து கொஞ்சம் திரும்ப வேண்டும். ஒரு சுற்று முடித்துப் புறப்பட்ட இடத்துக்கு வந்து, புறப்பட்ட திசையையே பார்த்து நின்றால் மொத்தம் ஒரு முழுச் சுற்று, 360°, திரும்பியிருப்பீர்கள். மூலை ஐந்தானாலும் ஐம்பதானாலும் இதுவே கணக்கு. ஒழுங்கு ஐங்கோணத்தில் ஐந்து திருப்பங்களும் சமம் என்பதால் ஒவ்வொன்றும் 72°. பக்கத்தை நேராக நீட்டினால் உட்கோணமும் வெளிக்கோணமும் நேர்க்கோட்டில் அடுத்தடுத்து அமைவதால் உட்கோணம் 180° − 72° = 108°. தாளின் 3ஆவது கணக்கில் மகள் வெளிக்கோணத்தை 252° என்று எழுதியிருக்கிறாள். 360-லிருந்து 108-ஐக் கழித்திருக்கிறாள். ஐங்கோணத்துக்கு வெளியே முனையைச் சுற்றி இருக்கும் கோணம் 252° என்பது உண்மைதான், ஆனால் அதன் பெயர் பின்வளைகோணம். வெளிக்கோணம் என்பது ஒரு பக்கத்துக்கும், அடுத்த பக்கத்தின் நீட்சிக்கும் இடைப்பட்டது. ஐந்து 252-ஐக் கூட்டினால் 1260 வரும். 360 வராததே தவறைக் காட்டிவிடும்.

இனி 7ஆவது கணக்கு. A என்ற புள்ளி PQ என்ற நேர்க்கோட்டின் மேல் இருக்கிறது. ஆகவே ∠PAB + ∠BAE + ∠EAQ = 180°. 20° + 108° + ∠EAQ = 180°, எனவே ∠QAE = 52°. இதுவரை மகள் எழுதியது முழுக்கச் சரி. அடுத்த வரியில் "∠QAE = ∠SDE = 52°, இசட் கோணம்" என்று எழுதியிருக்கிறாள். வழி பிரிந்தது இங்கேதான்.

ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமம் என்ற விதி மூன்று கோடுகளைப் பற்றியது: இரண்டு இணைகோடுகள், அவை இரண்டையும் வெட்டும் ஒரே ஒரு குறுக்குவெட்டி. ∠QAE-யின் ஒரு கை AQ, இன்னொரு கை AE. ∠SDE-யின் ஒரு கை DS, இன்னொரு கை DE. AQ-வும் DS-உம் இணைகோடுகளில் கிடக்கின்றன, அது சரி. ஆனால் AE வேறு கோடு, DE வேறு கோடு; அவை E-யில் மடங்குகின்றன. இரண்டு கோணங்களுக்கும் பொதுவான குறுக்குவெட்டி இல்லாதபோது அந்த விதி பேசவே பேசாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. "சமம்" என்று எழுதப்போகும் இரண்டு கோணங்களின் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இரண்டின் முனைகளும் ஒரே நேர்க்கோட்டில் கிடக்கும் கை எது என்று கேட்க வேண்டும். இங்கே முனைகள் A, D. இரண்டையும் சேர்க்கும் கோடு AD. ∠QAE-யின் கைகளில் AD இல்லை, ∠SDE-யின் கைகளிலும் இல்லை. விதி பொருந்தாது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அந்தச் சோதனையே சரியான வழியையும் காட்டிக் கொடுக்கிறது. AD-ஐ வரைந்துவிடுவோம். இப்போது PQ, RS இரண்டையும் வெட்டும் ஒரே கோடு நமக்குக் கிடைத்துவிட்டது. முக்கோணம் AED-யில் AE = ED, இரண்டும் ஒழுங்கு ஐங்கோணத்தின் பக்கங்கள். எனவே இது இருசமபக்க முக்கோணம், ∠EAD = ∠EDA. ∠AED = 108° என்பதால் மீதி 72° இரண்டாகப் பிரிந்து ஒவ்வொன்றும் 36°. மேலே A-யில் ∠QAD = ∠QAE + ∠EAD = 52° + 36° = 88°. PQ ∥ RS, குறுக்குவெட்டி AD; ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமம் என்பதால் ∠ADR = 88°. கீழே D-யில் ∠ADC = ∠EDC − ∠EDA = 108° − 36° = 72°. ஆகவே ∠RDC = ∠ADR − ∠ADC = 88° − 72° = 16°. கடைசியாக D என்பது RS மேல் இருப்பதால் ∠RDC + ∠CDE + ∠EDS = 180°; 16° + 108° + ∠EDS = 180°; ∠SDE = 56°.

விடைத்தாளில் எழுத வேண்டியது ஏறத்தாழ இந்தப் பத்திதான், ஒரு வரிக்கு ஒரு கூற்று, அதன் எதிரே ஒரு காரணம். இணைகோடு வரும் வரியில் மட்டும் காரணத்துக்கு மூன்று உறுப்புகள் தேவை: எந்த இரண்டு கோடுகள் இணை, குறுக்குவெட்டி எது, கோண உறவின் பெயர் என்ன. "இசட் கோணம்" என்பது இந்த மூன்றில் ஒன்றையும் சொல்வதில்லை. வகுப்பில் கண்ணுக்குப் பழக்க அந்த எழுத்து வடிவத்தைக் காட்டுவது நல்லதுதான். ஆனால் ஐங்கோணம் மாதிரிப் படத்தில் Q, A, E, D, S என்று விரலை ஓட்டினால் ஒரு வளைந்த உருவம் கிடைக்கும், அவசரத்தில் அதையும் அந்த எழுத்து என்றே மனம் எடுத்துக்கொள்ளும். உங்கள் மகளுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். உண்மையான அந்த வடிவத்தில் மூன்று நேர்க்கோட்டுத் துண்டுகள்தான் உண்டு. இங்கே நான்கு இருக்கின்றன. எழுத்தைத் தேடாமல் குறுக்குவெட்டியின் பெயரை எழுதப் பழகினால் இந்தக் குழப்பம் வராது.

இதையே E வழியாகவும் செய்யலாம், பல ஆசிரியர்கள் இதைத்தான் எதிர்பார்ப்பார்கள். E வழியாக PQ-வுக்கு இணையாக ஒரு கோடு வரைந்து, அதில் E-க்கு இடப்பக்கம் T என்று ஒரு புள்ளி குறியுங்கள். PQ ∥ ET, குறுக்குவெட்டி AE; ஒன்றுவிட்ட உட்கோணங்கள் ∠QAE = ∠AET = 52°. ∠AED = 108° என்பதில் மீதி ∠TED = 56°. ET-யும் RS-உம் ஒரே கோட்டுக்கு இணை என்பதால் தமக்குள்ளும் இணை. குறுக்குவெட்டி DE; எனவே ∠SDE = ∠TED = 56°. இந்த வழியில் அழகான ஒன்று வெளிப்படுகிறது: மேலே உள்ள 52-உம் கீழே உள்ள 56-உம் சேர்ந்து E-யில் இருக்கும் 108-ஐ நிரப்புகின்றன. அவை சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, கூடுதல் 108 ஆக வேண்டும் என்பதே கட்டாயம். மகளின் விடையில் 52 + 52 = 104. அங்கே நான்கு டிகிரி காணாமல் போகிறது.

வெளிக்கோணத்தைப் பயன்படுத்தவும் ஆசை இருந்தால் AE-ஐ நீட்டி RS-ஐ F-இல் சந்திக்கச் செய்யுங்கள். F என்பது D-க்கு வலப்பக்கம் விழும். முக்கோணம் DEF-இல் ∠DEF என்பது ஐங்கோணத்தின் வெளிக்கோணம், 72°. PQ ∥ RS, குறுக்குவெட்டி AF; ஒன்றுவிட்ட உட்கோணங்கள் ∠QAF = ∠AFD = 52°. முக்கோணத்தின் மூன்றாவது கோணம் ∠EDF = 180° − 72° − 52° = 56°. D, F, S ஒரே கோட்டில் இருப்பதால் அதுவே ∠SDE. மூன்று வழிகளில் எனக்குப் பிடித்தது இது, பலகோணமும் இணைகோடும் ஒரே முக்கோணத்துக்குள் வந்துவிடுகின்றன. ஆனால் 9ஆம் வகுப்பில் முதலில் AD வழியைக் கற்றுக்கொடுக்கச் சொல்வேன். அதில் புதிய கோடு கற்பனை செய்ய வேண்டியதில்லை, இருக்கும் இரண்டு முனைகளைச் சேர்த்தால் போதும்.

இப்போது உங்கள் சரிபார்ப்புக்கு வருவோம். D-யில் 52 + 108 + 20 = 180 வந்தது. வராமல் போயிருந்தால்தான் வியப்பு. A-யில் 20, 108, 52 என்ற மூன்று கோணங்கள் கூடி 180 ஆயின. அதே மூன்றையும் கீழே கொண்டுபோய் வைத்தால் கீழேயும் 180 ஆகத்தான் வரும். இந்தக் கூட்டல் D ஒரு நேர்க்கோட்டில் இருக்கிறது என்பதை மட்டும் சோதிக்கிறது. இரண்டு கோடுகளும் இணை என்பதைத் தொடவே இல்லை. நல்ல சரிபார்ப்பு என்பது விடையை எடுக்கப் பயன்படுத்தாத இன்னொரு பாதையில் போவது. வலப்பக்கமாகக் கணக்குச் செய்திருந்தால் இடப்பக்கமாக இறங்கிப் பாருங்கள். B வழியாக இணைகோடு வரைந்தால் ∠PAB-க்கு ஒன்றுவிட்ட கோணமாக B-யில் 20° கிடைக்கும், ∠ABC-யில் மீதி 88°. C வழியாக இன்னொரு இணைகோடு. குறுக்குவெட்டி BC-க்கு ஒரே பக்கம் அமைந்த உட்கோணங்களின் கூடுதல் 180° என்பதால் C-யில் 92°, ∠BCD-யில் மீதி 16°. குறுக்குவெட்டி CD; ஒன்றுவிட்ட உட்கோணம் ∠RDC = 16°. வலப்பக்கம் போனாலும் இடப்பக்கம் போனாலும் அதே எண் வந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

கோணமானி ஏன் 54 மாதிரி காட்டியது என்பது இந்தத் தாளிலேயே நுட்பமான இடம். ∠PAB-யின் அளவை a என்று பொதுவாக வைத்தால் ∠QAE = 72 − a, ∠SDE = 36 + a, ∠RDC = 36 − a. a = 18 என்று வைத்துப் பாருங்கள். ∠QAE = 54, ∠SDE = 54, ∠RDC = 18. அந்த ஒரே நிலையில் மேலும் கீழும் அச்சு அசலாக ஒத்திருக்கும், AD இரு கோடுகளுக்கும் செங்குத்தாக நிற்கும். கொடுத்திருக்கும் 20 அந்த நிலையிலிருந்து இரண்டே டிகிரி தள்ளி இருக்கிறது. அதனால்தான் படம் மேலும் கீழும் ஒரே மாதிரி கண்ணுக்குத் தெரிகிறது, சமம் என்று எழுதத் தோன்றுகிறது. தற்செயலோ திட்டமிட்டதோ, கண்ணை நம்பி எழுதுபவரையும் காரணத்தோடு எழுதுபவரையும் பிரித்துக் காட்டும் எண் இது.

போட்டோவின் மேல் கோணமானி வைப்பதை விட்டுவிடுங்கள். செல்போன் தாளுக்கு நேர் மேலே இல்லாமல் கொஞ்சம் சாய்ந்திருந்தாலே நேர்க்கோடுகள் நேராகவே இருக்கும், ஆனால் கோணங்கள் மாறிவிடும். தாளில் இணையாக இருக்கும் கோடுகள் போட்டோவில் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். உங்கள் போட்டோவிலேயே தாளின் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் பாருங்கள். மேலே போகப் போக நெருங்குகின்றன. தாள் செவ்வகம், ஓரங்கள் இணை என்பது நமக்குத் தெரியும். அவை சாய்ந்தால் உள்ளே இருக்கும் எல்லாக் கோணங்களும் சில டிகிரி சாய்ந்துதான் இருக்கும். இந்தக் கணக்கில் 52-க்கும் 56-க்கும் வித்தியாசம் நான்கே டிகிரி. அதைப் பிரித்துச் சொல்லும் துல்லியம் அப்படிப்பட்ட போட்டோவில் இல்லை. இந்த மாதிரித் தாள்களில் படம் அளவுக்குச் சரியாக வரையப்பட்டிருக்க வேண்டும் என்ற உத்தரவாதமும் கிடையாது.

அளந்து பார்த்தே தீர வேண்டும் என்றால் வெள்ளைத் தாளில் புதிதாக வரையுங்கள். AB 5 செ.மீ. B-யில் 108° வைத்து BC 5 செ.மீ., அப்படியே C, D முனைகளிலும் 108° வைத்து E வரை போய், EA-ஐச் சேருங்கள். வரைதல் சரியா என்று அறிய கோணத்தை மறுபடி அளக்க வேண்டாம், நீளத்தை அளங்கள். சேர்த்த EA 5 செ.மீ. இருக்க வேண்டும். ஒழுங்கு ஐங்கோணத்தில் மூலைவிட்டம் பக்கத்தைப் போல் ஏறத்தாழ 1.618 மடங்கு என்பதால் ஐந்து மூலைவிட்டங்களும் 8.1 செ.மீ. வர வேண்டும். ஒன்று 8.3, இன்னொன்று 7.9 என்று வந்தால் எங்கோ ஒரு முனையில் கோணம் பிசகியிருக்கிறது. அடுத்தடுத்து மூன்று கோணங்கள் வைப்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு டிகிரி பிசகினாலும் கடைசிப் பக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறிப்போகும். பிறகு A-யில் AB-க்கு வெளிப்பக்கம் 20° வைத்து PQ-ஐ வரைந்து, மூலைமட்டத்தை அளவுகோலின் ஓரத்தில் நகர்த்தி D வழியாக அதற்கு இணைகோடு வரையுங்கள். RS-க்கும் DC-க்கும் நடுவே 16° தெரியும்.

போட்டோவைப் பற்றி ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் 20° என்று தட்டச்சு செய்திருக்கிறீர்கள், ஆனால் படத்தில் அந்த எண்ணின் இரண்டாம் இலக்கம் மடிப்பில் விழுந்திருக்கிறது, 26 என்றும் வாசிக்க இடம் இருக்கிறது. அசல் தாளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 26 என்றால் மேலே சொன்ன பொது வடிவப்படி ∠SDE = 62°, ∠RDC = 10°. காரணங்களில் ஒரு எழுத்துகூட மாறாது. எதுவாக இருந்தாலும் ∠PAB-யும் ∠RDC-யும் சேர்ந்து 36° ஆக வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் விடையை ஒரு நொடியில் சோதிக்கலாம். இதற்கு ஓர் எல்லையும் உண்டு. a = 36 ஆனால் ∠RDC பூஜ்யமாகி, CD என்ற பக்கம் முழுவதும் RS மேல் படுத்துவிடும். 36-ஐத் தாண்டினால் C கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும், கேள்வியில் உள்ள படமே அமையாது. ஆகவே அந்த எண் 40 என்றோ 50 என்றோ யாராவது வாசித்தால் அது தவறான வாசிப்பு என்று படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

இன்னொரு பிழை உங்கள் மகளின் தாளில் 5ஆவது கணக்கில் இருக்கிறது, இதோடு உறவுள்ளது என்பதால் சொல்கிறேன். அங்கே இரண்டு கோடுகள் இணை என்று நிறுவச் சொல்லியிருக்கிறார்கள். கோணங்கள் 65°, 65° என்று கொடுத்திருக்கிறார்கள். அவள் "இணைகோடுகள் என்பதால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம்" என்று காரணம் எழுதியிருக்கிறாள். நிறுவ வேண்டியதையே தெரிந்ததாக எடுத்துக்கொண்டதால் அது நிரூபணம் ஆகாது. அங்கே எழுத வேண்டியது திருப்பிப் போட்ட வாக்கியம்: "ஒன்றுவிட்ட உட்கோணங்கள் சமம், ஆகவே கோடுகள் இணை." யூக்ளிட் இவை இரண்டையும் தனித்தனித் தேற்றங்களாகவே வைத்தார், முதல் நூலில் 27ஆவது ஒன்று, 29ஆவது இன்னொன்று. 27-ஐ அவர் இணைகோட்டு எடுகோள் இல்லாமலே நிறுவுகிறார், 29-க்கு அந்த எடுகோள் தேவைப்படுகிறது. ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க முடியாது என்பதற்கு அதுவே சான்று. 7ஆவது கணக்கில் இணை என்பது கொடுக்கப்பட்டது, கோணம் கேட்கப்பட்டது. 5ஆவதில் கோணம் கொடுக்கப்பட்டது, இணை கேட்கப்பட்டது. கேள்வியில் "எனில்" என்ற சொல்லுக்கு முன்னால் எது இருக்கிறதோ அதுதான் காரணத்தில் வரலாம்.

இதே கணக்கை ஒழுங்கு அறுகோணத்தில் கொடுத்தால் மகளின் உள்ளுணர்வு வேறு வகையில் சோதிக்கப்படும். ABCDEF அறுகோணம், A மேல்கோட்டில், D கீழ்க்கோட்டில், ∠PAB = 20° என்று வையுங்கள். உட்கோணம் 120°, ∠QAF = 40°. இங்கே எதிரெதிர்ப் பக்கங்கள் இணை: AB ∥ DE, AF ∥ CD. அதனால் மேலே உள்ள 20-உம் 40-உம் கீழே அப்படியே வருகின்றன. ஆனால் இடம் மாறி வருகின்றன: ∠SDE = 20°, ∠RDC = 40°. ஐங்கோணத்தில் ஒரு பக்கத்துக்கு எதிரே பக்கம் இல்லை, முனைதான் இருக்கிறது. இணையான பக்கச் சோடி ஒன்றுகூடக் கிடையாது. கோணம் அப்படியே கீழே இறங்காததற்கு அடிக்காரணம் அதுதான். அறுகோணத்தையும் ஐங்கோணத்தையும் AD வழியிலேயே அடுத்தடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அறுகோணத்தில் ∠FAD = 60°, ∠QAD = 100°, ஆகவே ∠ADR = 100°, ∠ADC = 60°, மீதி ∠RDC = 40° என்று வரும். இரண்டிலும் காரண வரிகள் பெரும்பாலும் ஒன்றே. ∠FAD ஏன் 60° என்ற ஒரு வரிக்கு மட்டும் வேறு காரணம் தேவை: மூலைவிட்டம் AD அறுகோணத்தின் மையம் வழியாகப் போகிறது, மையத்தை முனைகளோடு சேர்த்தால் ஆறு சமபக்க முக்கோணங்கள் கிடைக்கின்றன.

மதிப்பெண்ணைப் பற்றி: அடித்திருப்பது விடைக்கா காரணத்துக்கா என்று அந்தச் சிவப்புக் கோட்டை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. ∠QAE = 52° வரையான வரிகள் சரியானவை, நேர்க்கோட்டுக் கோணம் என்ற காரணமும் எழுதப்பட்டிருக்கிறது. படிக்குப் படி மதிப்பெண் தரும் முறை அந்தப் பள்ளியில் இருந்தால் அந்த வரிகளுக்கு ஏதாவது கிடைக்கலாம், ஆசிரியரிடம் மரியாதையாகக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கேட்கப் போகும்போது திருத்திய விடையையும் எழுதி எடுத்துப் போகச் சொல்லுங்கள், AD வரைந்த படத்தோடு.